ஒல்லியான கைக்கு எந்த வாட்ச்: டயல், கேஸ், ஸ்ட்ராப் மூன்றையும் வைத்து ஒரு பதில்

கேள்வி: "என் மணிக்கட்டுச் சுற்றளவு 15.5 செ.மீ. தான். ஆன்லைனில் 44 மி.மீ. டைவர் வாட்ச் வாங்கினேன், கையில் தட்டைக் கட்டிக்கொண்டது போல இருக்கிறது. ஐ.டி. ஆபீஸ் வேலை, அடிக்கடி கல்யாணம், விசேஷம். டிரெஸ், ஃபீல்டு, டைவர், டிஜிட்டல் என்று பிரிக்கிறார்களே, என் கைக்கு எது பொருந்தும்? எதைப் பார்த்து முடிவு செய்வது?"

44 என்ற அந்த எண்ணை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது வாட்ச்சின் உடலான கேஸின் விட்டம், அதாவது பக்கவாட்டில் திருகும் சாவியைச் சேர்க்காமல் 9 மணிப் பக்கத்திலிருந்து 3 மணிப் பக்கம் வரை உள்ள அகலம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இதைத்தான். ஒல்லியான கையில் ஒரு வாட்ச் உட்காருமா, துருத்திக்கொண்டு நிற்குமா என்பதை முடிவு செய்வது வேறொரு அளவு. ஸ்ட்ராப் மாட்டுவதற்காகக் கேஸிலிருந்து மேலே இரண்டு, கீழே இரண்டு கால்கள் நீண்டிருக்கும், அவற்றை லக் என்போம். மேல் லக்கின் நுனியிலிருந்து கீழ் லக்கின் நுனி வரை உள்ள நீளம்தான் உங்கள் கையின் குறுக்கே படுக்கிறது. வாட்ச் பழுது பார்ப்பதும் விற்பதும் என் தொழில். கடைக்கு வந்து "பெரிசா இருக்கு, மாத்திக் கொடுங்க" என்பவர்களில் பெரும்பாலானோரின் குறை விட்டத்தில் இருப்பதில்லை, இந்த நீளத்தில்தான் இருக்கும்.

இரண்டு வாட்ச்களை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். ஹாமில்டன் காக்கி ஃபீல்டு மெக்கானிக்கல் 38 மி.மீ. விட்டம் கொண்டது. கேட்டால் சின்ன வாட்ச். ஆனால் அதன் லக்குகள் நீளமானவை, நுனிக்கு நுனி ஏறத்தாழ 47 மி.மீ. வரும். பல வருஷம் டைவர் என்றாலே எல்லோரும் கைகாட்டிய சீகோ எஸ்.கே.எக்ஸ். 007-க்கு விட்டம் 42.5 மி.மீ. ஆனால் அதன் லக்குகள் குட்டையாக, கீழ்நோக்கி வளைந்திருப்பதால் நுனிக்கு நுனி ஏறத்தாழ 46 தான். விட்டத்தில் நாலரை மில்லிமீட்டர் பெரிய வாட்ச், நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் சிறியது. அதனால் "டைவர் ஒல்லிக் கைக்கு ஆகாது, ஃபீல்டு ஆகும்" என்று வகையின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது.

உங்கள் கையை இப்படி அளந்து பாருங்கள். உள்ளங்கை கீழே இருக்கும்படி கையை மேசைமேல் வையுங்கள். வாட்ச் உட்காரும் இடத்தில் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, கை சரிந்து இறங்கத் தொடங்கும் வரை உள்ள தட்டையான பகுதியை மட்டும் அளவெடுங்கள். 15.5 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு அது 5 செ.மீ.க்குக் கொஞ்சம் முன்பின்னாக வரும். எலும்பு அகலமாக, தட்டையாக இருப்பவருக்குக் கூடும். உருண்ட கையாக இருந்தால் குறையும். அதனால் சுற்றளவை மட்டும் வைத்து யார் அளவு சொன்னாலும் அது தோராயம்தான். வந்த அளவிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் கழித்துவிட்டு, லக் நீளம் அதற்குள் இருக்கும் வாட்சாகத் தேடுங்கள். உங்களுக்கு 50 வந்தால் 46, 47 வரை நிம்மதியாக உட்காரும். இப்போது இருக்கும் வாட்ச் பொருந்தவில்லை என்பதற்கு மூன்று அடையாளம் உண்டு. லக் நுனி கையின் விளிம்பைத் தாண்டி நிற்கும். ஸ்ட்ராப் இறங்கும் இடத்தில் கைக்கும் அதற்கும் நடுவே வெளிச்சம் தெரியும். நடக்கும்போது வாட்ச் தானாக வெளிப்பக்கம் சரியும்.

இன்னொரு அளவும் கண்ணை ஏமாற்றும். நாம் வாட்ச்சின் அளவாக உணர்வது கேஸை அல்ல, கண்ணாடிக்குள் தெரியும் டயலை. டைவர் வாட்ச்சில் டயலைச் சுற்றி எண் போட்ட ஒரு வளையம் இருக்கிறது, பெசல் என்பது அதைத்தான். அது கேஸின் அகலத்தில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வதால் 42 மி.மீ. டைவரின் டயல் முப்பது சொச்சம் மி.மீ.க்குச் சுருங்கிவிடும். டிரெஸ் வாட்ச்சில் வளையம் மெல்லிய விளிம்பு மட்டும்தான், கிட்டத்தட்ட கேஸ் முழுக்க டயல். அதுவும் வெள்ளை டயலாக இருந்துவிட்டால் 40 மி.மீ. டிரெஸ் வாட்ச், 42 மி.மீ. கறுப்பு டைவரைவிடப் பெரிதாகத் தெரியும். ஒரே விட்டத்தில் கறுப்பு டயல் சிறிதாகவும் வெள்ளை டயல் பெரிதாகவும் படும் என்பதைக் கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

இதுவரை சொன்னது ஸ்கேல் வைத்து அளக்கக்கூடியது. இனி வகைகளுக்கு வருகிறேன். இதில் வரலாறும் வேலைப்பாடும் உறுதியானவை. எந்த உடைக்கு எது என்பதில் பாதிக்கு மேல் பழக்கம், ரசனை. எது எது என்பதைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

டிரெஸ் வாட்ச்சின் அடிப்படை, முழுக்கைச் சட்டையின் கஃப்புக்குள் சிக்காமல் நுழைந்து வெளியே வருவது. அதனால்தான் அது மெல்லியதாக, லக் ஒடுங்கியதாக, சாவி சின்னதாக இருக்கிறது. இந்த மெல்லிய கேஸில் நம் ஊர்ப் பெயரே ஒன்று இருக்கிறது. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டைட்டன் 2002-இல் கொண்டுவந்த எட்ஜ் வாட்ச்சின் மொத்தக் கனமே 3.5 மி.மீ. தான். டயலில் எண்களுக்குப் பதிலாக மெல்லிய கட்டைகள், அல்லது ரோமன் எழுத்து. முட்கள் ஒல்லியாக இருக்கும். இருட்டில் ஒளிரும் பூச்சு பெரும்பாலும் இருக்காது, நல்ல வெளிச்சமுள்ள கூடத்தில் பார்ப்பதற்கான வாட்ச் அது. நொடி முள் இருக்கக்கூடாது, தேதி இருக்கக்கூடாது என்று சிலர் சட்டம்போலச் சொல்வார்கள். அது மரபுதான், மீறினால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் தேதிக் கட்டம் இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தைப் பார்த்தே ஒரு வாட்ச்சின் வடிவமைப்பை எடைபோட இது உதவும். தேதித் தகடு உள்ளே இருக்கும் இயந்திரத்தோடு சேர்ந்தது, அதன் இடத்தை டயல் வரைபவர் நகர்த்த முடியாது. சின்ன இயந்திரத்தைப் பெரிய கேஸில் போட்டால், தேதிக் கட்டம் டயலின் ஓரத்தில் இல்லாமல் நடுவை நோக்கி உள்ளே தள்ளி நிற்கும். 6 மணிக்கு மேலே தனியாக ஒரு குட்டி நொடி வட்டம் இருக்கிற டயலிலும் இதே கதைதான். அந்த வட்டம் ஓரத்துக்கு இறங்காமல் மைய முள்ளுக்கு நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தால், இயந்திரத்துக்குப் பொருந்தாத பெரிய கேஸ் என்று அர்த்தம். அப்புறம் நிமிட முள்ளின் நுனி. அது நிமிடக் கோடுகளைத் தொட வேண்டும், குறைந்தபட்சம் அதன் வாசல்வரையாவது போக வேண்டும். பல மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டால், வேறொரு சின்ன வாட்ச்சுக்கு வெட்டிய முள்ளை இதில் போட்டிருக்கிறார்கள். இந்த மூன்றும் சரியாக அமைந்த ஆயிரத்து சொச்ச ரூபாய் வாட்ச், அமையாத விலையுயர்ந்த வாட்ச்சைவிடக் கையில் அழகாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

டிரெஸ் வாட்ச் சின்னதாக இருப்பது குறை அல்ல. பட்டேக் ஃபிலிப் 1932-இல் வெளியிட்ட கலத்ராவா, இந்த வகைக்கே இலக்கணம் என்று சொல்லப்படுவது, சுமார் 31 மி.மீ. தான். நம் வீடுகளில் தாத்தா, அப்பா கட்டிய எச்.எம்.டி. ஜனதா சுமார் 35 மி.மீ. சாவி கொடுத்து ஓடும் வாட்ச், தேதி கிடையாது. உங்கள் கைக்கு அளவெடுத்ததுபோல இருக்கும். அதில் ஒரு எச்சரிக்கை மட்டும். ஆன்லைனில் பளபளவென்று விற்கும் பழைய எச்.எம்.டி.களில் கணிசமானவற்றின் டயல் பிற்பாடு அடித்த பெயின்ட். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் ஓரம் கலங்கியிருந்தாலோ, நிமிடக் கோடுகள் ஒன்று தடித்து ஒன்று மெலிந்து இருந்தாலோ, முள்ளும் டயலும் வேறுவேறு வயதாகத் தெரிந்தாலோ அது தொழிற்சாலை டயல் அல்ல. வீட்டில் பெட்டிக்குள் ஒன்று கிடந்தால் அதை சர்வீஸ் செய்து கட்டுவது எத்தனையோ மேல்.

ஆனால் கஃப் என்ற அந்த அடிப்படை நம் ஊர் உடைக்கு எவ்வளவு பொருந்தும் என்று யோசியுங்கள். கல்யாணத்துக்குப் பட்டு வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போடுபவருக்கு மறைக்கவோ நுழைக்கவோ கஃப்பே இல்லை. வாட்ச் முழுதாக, பக்கவாட்டிலும் தெரியும். அப்போது கனம் 7 மி.மீ.யா 10 மி.மீ.யா என்பது பெரிய விஷயமல்ல. கேஸின் பக்கம் எப்படி முடிக்கப்பட்டிருக்கிறது, ஸ்ட்ராப் எந்த நிறம் என்பதுதான் கண்ணில் படும். என் கணிப்பில், பட்டு வேட்டியின் ஜரிகையோடு தங்க முலாம் கேஸும் பழுப்புத் தோலும் இயல்பாகச் சேரும். வெள்ளி நிறக் கேஸும் கறுப்புத் தோலும் பேண்ட் சட்டையோடு நன்றாகப் போகும். இது ரசனைதான், மாற்றிக் கட்டினால் தவறில்லை. அதே கையில் எஃகுக் காப்பு போடும் பழக்கம் இருந்தால் மட்டும் பாலிஷ் செய்த டிரெஸ் கேஸ் வேண்டாம், சில வாரத்திலேயே கீறல் விழுந்துவிடும்.

ஃபீல்டு வாட்ச் ராணுவத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் பாக்கெட் கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியாமல் கைக்கு வந்த வாட்ச்கள் இதன் முன்னோர். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகப் பன்னிரண்டு நிறுவனங்கள் ஒரே விவரக்குறிப்புக்குச் செய்துகொடுத்த வாட்ச்களைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். கறுப்பு டயல், வெள்ளை எண்கள், தனி நொடி வட்டம், ஒளிரும் முள் என்று ஒன்றே போல இருக்கும். அந்தத் தோற்றம்தான் இன்றைய ஃபீல்டு வாட்ச்சின் முகம். பன்னிரண்டு மணிக்கும் முழு எண். அமெரிக்க ராணுவ வழியில் வந்தவற்றில் உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை இன்னொரு வரிசை. டயலில் பளபளப்பு கிடையாது, கேஸும் மணல் வீசி மங்கலாக்கியதாக இருக்கும். வெயிலில் மின்னி ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது காரணம். நமக்கு அதனால் கிடைக்கும் லாபம், மங்கலான கேஸில் சின்னக் கீறல் தெரியாது. விலைப்பட்டியலின் கீழே டைமெக்ஸ் எக்ஸ்பெடிஷன் வரிசையும், பழைய வாட்ச் பிரியர்களுக்கு எச்.எம்.டி. பைலட்டின் கறுப்பு டயலும் கிட்டத்தட்ட இந்தக் குடும்பம்தான்.

இந்த வகையில் இருக்கும் சிக்கல் இரண்டு. ஒன்று, மேலே சொன்னபடி லக் நீளம். அகலமான துணிப்பட்டை போடுவதற்காக லக்கை நீட்டிவிடுகிறார்கள். இன்னொன்று தண்ணீர். பலவற்றில் பின்மூடியில் 3 பார், அதாவது 30 மீட்டர் என்றிருக்கும், 5 பாரும் உண்டு. 30 மீட்டர் என்பது அந்த ஆழம்வரை போகலாம் என்பதல்ல, அசையாத அழுத்தத்தில் செய்த சோதனையின் எண். கை கழுவுவது, மழைத் தூறல் சரி. நீச்சல் வேண்டாம். குளிக்கும்போதும் கழற்றி வைப்பது நல்லது, வெந்நீரும் சோப்பும் உள்ளிருக்கும் ரப்பர் வளையத்துக்கு ஆகாது.

டைவர் உங்களுக்கு ஏற்கெனவே பரிச்சயம். 1953-இல் பிளான்பேன் ஃபிஃப்டி ஃபாதம்ஸும் ரோலெக்ஸ் சப்மரைனரும் வந்ததோடு இதன் தோற்றம் ஏறக்குறைய நிலைத்துவிட்டது. டயலில் எண் இல்லாமல் வட்டம், கட்டை, 12 மணியில் முக்கோணம் என்று வடிவங்கள் இருப்பது அலங்காரத்துக்காக அல்ல. கலங்கிய தண்ணீரில் எந்தப் பக்கம் மேல் என்று ஒரு நொடியில் தெரிய வேண்டும். மணி முள்ளும் நிமிட முள்ளும் வேறுவேறு உருவத்தில் இருப்பதும் அதற்குத்தான். பெசல் ஒரு பக்கம் மட்டுமே சுற்றும். முங்கும்போது அதன் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், கடந்த நிமிடத்தை வளையத்திலேயே படிக்கலாம். தவறி இடித்து நகர்ந்தாலும் அது நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், காற்று மிச்சமிருக்கிறது என்று பொய் சொல்லாது. ஐ.எஸ்.ஓ. 6425 என்ற தரத்தின்படி டைவர் என்று அழைக்கக் குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும், இருட்டில் 25 செ.மீ. தூரத்திலிருந்து நேரம் தெரிய வேண்டும். இந்தத் தரம் இல்லாமல் டைவர் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்ட வாட்ச்களும் சந்தையில் நிறைய. அழகுக்காகக் கட்டுபவருக்கு அதனால் நஷ்டமில்லை, தண்ணீரில் இறங்குபவர் பின்மூடியைப் படித்துவிட வேண்டும்.

தோற்றத்தைப் பொறுத்தவரை டைவர் வாங்கும்போது ஒன்றை மட்டும் கடையிலேயே பாருங்கள். பெசலின் முக்கோணம், டயலின் 12 மணிக் குறி, அதற்கு வெளியே கண்ணாடியோரத்தில் ஓடும் நிமிட வளையம், மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா? அரை மில்லிமீட்டர் விலகினாலும் தினமும் கண்ணில் குத்தும், பின்னால் சரிசெய்வது எளிதல்ல. கோட் சூட்டோடு டைவர் கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாக. கஃப் மூட மறுக்கும் 13 மி.மீ. கனம்தான் தடை, மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

டிஜிட்டலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் உங்கள் கைக்கு மிகச் சுலபமாகப் பொருந்துவது அதுதான். 1972-இல் ஹாமில்டன் கொண்டுவந்த பல்சர் தங்கக் கேஸில் சிவப்பு எண் ஒளிர, ஒரு நகைபோலத்தான் விற்கப்பட்டது. அதிலிருந்து 1989-இன் கேசியோ எஃப்-91டபிள்யூ வரை வந்தபோது அது யாரும் கட்டும் வாட்ச் ஆகிவிட்டது. அந்த எஃப்-91டபிள்யூ சுமார் 38 மி.மீ. நீளம், 35 மி.மீ. அகலம், 8.5 மி.மீ. கனம், 21 கிராம் எடை. ஒல்லிக் கையின் விளிம்புக்குள் வசதியாக அடங்கும். செல் போட்டால் ஏழு வருஷம் என்று கணக்கு. எஃகுச் செயினோடு வரும் வெள்ளி நிற கேசியோ ஏ158, ஏ168 வாட்ச்கள் சட்டை பேண்டோடு இன்னும் பொருத்தம். ஆனால் அவற்றின் கேஸ் எஃகு அல்ல, பிளாஸ்டிக்கின்மேல் குரோம் பூச்சு. வியர்வை அதிகமுள்ளவர் கையில் லக் ஓரத்திலும் பொத்தான்களைச் சுற்றியும் பூச்சு முதலில் தேயும். ஜி-ஷாக் 1983-இல் பிறந்தது, பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக் கூடாது என்பதே அதன் குறிக்கோள். அதன் சதுர மாடல்கள் தவிர மற்றவை உங்கள் கைக்குப் பெரிது. ஸ்ட்ராப்பும் கேஸோடு சேர்ந்த தனி வடிவம் என்பதால், பட்டை வெடித்தால் அதே மாடலின் பட்டையைத்தான் தேட வேண்டும்.

ஸ்ட்ராப் விஷயத்தில் நம் தட்பவெப்பம்தான் பாதி முடிவை எடுத்துவிடுகிறது. சென்னை, மதுரை வெயிலில் தினமும் கட்டும் தோல் ஸ்ட்ராப் வியர்வையில் கறுத்து, விறைத்து, பக்கிள் மடிப்பில் வெடிக்கும், வாடையும் வரும். எவ்வளவு நாளில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் தோலை விசேஷ நாளுக்கு வைத்துக்கொண்டு, கழற்றியதும் பெட்டியில் போடாமல் காற்றாடக் கீழே வையுங்கள். நைலான் பட்டை துவைத்துக் கட்டலாம், ஈரம் காய்ந்துவிடும். ஆனால் வாட்ச்சுக்கு அடியிலும் ஓடும் நேட்டோ பட்டை கேஸை இரண்டு மில்லிமீட்டர் உயர்த்திவிடும், ஒல்லிக் கையில் அது தெரியும். ரப்பர் வியர்வைக்கு நல்லது. மலிவான சிலிக்கானில் தூசியும் நூலும் ஒட்டும்.

அகலமும் முக்கியம். லக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, கேஸ் விட்டத்தில் பாதிக்கு அருகில் இருந்தால் கண்ணுக்குச் சமமாகப் படும். 36-க்கு 18, 40-க்கு 20 என்பது வழக்கம். இது விதி அல்ல, பழகிய விகிதம். லக்கில் 20 ஆகத் தொடங்கிப் பக்கிளில் 16 ஆகக் குறுகும் ஸ்ட்ராப் எந்த வாட்ச்சையும் மென்மையாக்கும். அதே அகலத்தில் நேராக ஓடுவது முரட்டுத்தனம் சேர்க்கும். 19, 21 போன்ற அளவுள்ள வாட்ச்சைத் தவிர்த்தால் ஸ்ட்ராப் எங்கும் கிடைக்கும்.

உங்கள் 44 மி.மீ. டைவரை விற்பதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். அது செயினோடு வந்திருந்தால், கேஸை ஒட்டிய முதல் கண்ணி விறைப்பாகக் கொஞ்சதூரம் வெளியே நீண்ட பிறகுதான் கீழே மடங்கும். அந்த விறைப்பும் லக் நீளத்தோடு சேர்ந்துகொள்கிறது. செயினைக் கழற்றிவிட்டு, லக்கிலேயே செங்குத்தாக இறங்கும் கறுப்பு ரப்பர் ஸ்ட்ராப் போட்டுப் பாருங்கள். நேட்டோ வேண்டாம். எடையும் குறையும், சரிவதும் குறையும். பிறகு கண்ணாடி முன் ஓர் அடி ஒன்றரை அடி தள்ளி நின்று, கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஃபோனைக் கைக்கு அருகில் வைத்து எடுக்கும் படத்தை நம்பாதீர்கள், அதன் லென்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கியே காட்டும். அப்போதும் லக் நுனி கைக்கு வெளியே நின்றால் எந்த ஸ்ட்ராப்பும் அதைத் திருத்தாது, கொடுத்துவிடலாம்.

அடுத்து வாங்குவது ஒரே ஒரு வாட்ச் என்றால், உங்கள் வேலைக்கும் கைக்கும் நான் சொல்வது 36 முதல் 38 மி.மீ. ஃபீல்டு, லக் நீளம் 46-க்குள், லக் இடைவெளி 18 அல்லது 20. கறுப்பு டயல் போரடிக்கும் என்று தோன்றினால் கிரீம் டயலிலும் வருகிறது. ஆபீஸுக்கு நைலான், கல்யாணத்துக்கு மெல்லிய பழுப்புத் தோல். எண்கள் பெரிதாக இருப்பதால் முழு டிரெஸ் வாட்ச்சின் நளினம் வராது, அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் எஃப்-91 ஒன்றை வெயில், மழை, விளையாட்டுக்கு வைத்துக்கொண்டு, நல்ல வாட்ச்சை 35, 36 மி.மீ. டிரெஸ்ஸாகவே வாங்குவது இன்னும் அழகான ஜோடி என்பது என் எண்ணம். இரண்டில் எது என்பது உங்கள் கையைப் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்லக்கூடியதல்ல. வாங்குவதற்கு முன் ஒரு தாளில் வாட்ச்சின் விட்டத்துக்கு வட்டமும் லக் நீளத்துக்கு மேலும் கீழும் கோடும் வரைந்து, வெட்டி, கைமேல் டேப் போட்டு ஒட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, திருப்பி அனுப்பும் அலைச்சல் மிச்சம்.

ஸ்ட்ராப்பை வீட்டிலேயே மாற்றப்போகிறீர்கள் என்றால் லக்கின் உள்பக்கத்தில் செலோடேப் ஒட்டிக்கொண்டு தொடங்குங்கள், இல்லையென்றால் கருவி வழுக்கிக் கோடு விழும். மாட்டி முடித்ததும் இரண்டு பக்க ஸ்ட்ராப்பையும் பலமாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பின் ஓட்டையில் சரியாக உட்காராமல் இருந்தால் அப்போதே கழன்றுவிடும். பழைய பின் வளைந்தோ துருப்பிடித்தோ இருந்தால் அதையே திரும்பப் போடாதீர்கள். புதுப் பின் சில ரூபாய்தான், கையிலிருந்து வாட்ச் கழன்று விழுவது பெரும்பாலும் ஸ்ட்ராப் அறுந்து அல்ல, இந்தப் பின் நழுவித்தான்.